கேட்டில் தொங்கும் வாடகைப் பலகை: யாரை அழைக்கிறது, யாரை அனுப்பிவிடுகிறது?

1. கேள்வி

ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய 'டு லெட்' பலகை ஒன்று, அதன் கீழே மார்க்கரால் எழுதிய பத்து இலக்க எண். சென்னைத் தெருக்களில் வாடகை வீட்டுக்கான அறிவிப்பு பெரும்பாலும் இவ்வளவுதான். சில வீடுகளில் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் 'வீடு வாடகைக்கு' என்று எழுதி, கம்பியால் கேட்டில் கட்டியிருப்பார்கள். இன்னும் சிலர் 'ஃபேமிலி ஒன்லி', 'வெஜ் ஒன்லி', 'நோ புரோக்கர்ஸ்' என்று ஒன்றிரண்டு வரி சேர்ப்பார்கள். இந்தச் சில சொற்களை நம்பித்தான், அடுத்த சில ஆண்டுகளுக்குத் தன் தலைக்கு மேலேயோ பக்கத்துச் சுவரிலோ வாழப்போகும் குடும்பத்தை ஒரு வீட்டுக்காரர் தேடுகிறார்.

தகுந்தவர்களிடமிருந்து மட்டும் அழைப்பு வர வேண்டுமென்றால் அந்தப் பலகையில் என்ன எழுத வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. 'தகுந்தவர்' என்பதை நான் குறுகிய பொருளில் கொள்கிறேன். வீட்டை நேரில் பார்த்தால் பிடித்துப்போகும், கேட்கிற வாடகையை மாதாமாதம் தர முடியும், வீட்டுக்காரர் உண்மையாகவே விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனைகளோடு ஒத்துப்போக முடியும். இப்படிப்பட்டவர் தகுந்தவர். அவருடைய குலம், கோத்திரம், ஊர் எதுவும் இந்த வரையறைக்குள் வரவில்லை. வரவேண்டியதில்லை என்பதற்கான வாதத்தை ஐந்தாம் பகுதியில் வைக்கிறேன்.

பலகையில் இரண்டு வகைப் பிழைகள் நேரலாம். பொருந்தாதவர் அழைப்பது ஒன்று, பொருந்துபவர் அழைக்காமல் போவது மற்றொன்று. முதல் பிழை வீட்டுக்காரரின் காதிலேயே விழுகிறது. மதியத் தூக்கத்தைக் கலைக்கிறது, எரிச்சலூட்டுகிறது. இரண்டாவது பிழை அவருக்குத் தெரிவதே இல்லை. பலகையைப் பார்த்து, 'இது நமக்கு ஒத்துவராது' என்று வண்டியை நகர்த்திக்கொண்டு போனவர் எந்தத் தடயமும் விட்டுப்போவதில்லை. அதனால் வீட்டுக்காரர்கள் முதல் பிழைக்கு மட்டும் மருந்து தேடுகிறார்கள். தொல்லை தந்த அழைப்பு ஒவ்வொன்றும் பலகையில் ஒரு தடை வரியாகிறது. சில ஆண்டுகளில் யார் வரக்கூடாது என்பதே பலகையின் பெரும்பகுதியாகிவிடுகிறது. வீடு எப்படிப்பட்டது என்பதற்கு அதில் இடமில்லாமல் போகிறது.

2. இப்போது சொல்லப்படும் யோசனைகள்

இது பற்றித் தெருவில் புழங்கும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: பலகையில் அதிகம் எழுதாதே, போன் வரட்டும், பேசிக்கொள்ளலாம். வீட்டுத் தரகர்கள் இதை அழுத்திச் சொல்வார்கள். நிறையப் பேர் அழைத்தால் அவர்களில் நல்லவரைத் தேர்ந்துகொள்ளலாம், ஆளைப் பார்த்து வாடகையைக் கொஞ்சம் ஏற்றியும் கேட்கலாம் என்பது இதன் உள்ளடக்கம். வரிக்குக் காசு வாங்கிய செய்தித்தாள் வரி விளம்பரங்களும் இந்தச் சுருக்கத்தை நமக்குப் பழக்கியிருக்கின்றன. கேட்டில் தொங்கும் அட்டைக்கு வரிக் கட்டணம் கிடையாது. ஆனாலும் விளம்பரத்தின் கைச்சுருக்கம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எதிர்த்திசையில் சிந்திக்க உதவும் ஒரு கட்டுரை, சற்றும் எதிர்பாராத துறையிலிருந்து வந்தது. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கோர்மக் ஹெர்லி 2012இல் இணைய மோசடி மின்னஞ்சல்களைப் பற்றி எழுதினார். மோசடிக்காரர்கள் தாங்கள் நைஜீரியாவிலிருந்து எழுதுவதாக ஏன் வெளிப்படையாகச் சொல்கிறார்கள், கேட்ட உடனேயே பலர் உஷாராகிவிடுவார்களே என்பது அவருடைய கேள்வி. மின்னஞ்சல் அனுப்பச் செலவில்லை. பதில் எழுதியவரோடு நாட்கணக்கில் பேசத்தான் உழைப்பு வேண்டும். கடைசி வரை வரமாட்டாதவர் முதல் வரியிலேயே விலகிவிடுவது அனுப்புபவருக்கு லாபம் என்று அவர் விளக்கினார்.

மோசடிக்கும் வாடகை வீட்டுக்கும் உறவில்லை. கணக்கு மட்டும் ஒன்றுதான். பலகையைத் தொங்கவிட ஒரு முறை செலவழித்தால் போதும். ஒவ்வொரு அழைப்புக்கும் பேச வேண்டும், பேசியவர் வந்தால் கதவைத் திறந்து காட்ட வேண்டும். வீட்டுக்காரருக்குத் தேவை ஒரே ஒரு குடித்தனம். ஐம்பது பேர் அழைத்து ஒருவரும் வராமல் போவதைவிட, ஐந்து பேர் அழைத்து மூன்று பேர் வீட்டைப் பார்க்க வருவது மேல். ஆக, பலகையின் வேலை அழைப்பைக் கூட்டுவதல்ல. பொருந்தாதவர் தாமாகவே விலகிக்கொள்ளப் போதுமான செய்தியைத் தருவது. எந்தச் செய்தியைத் தந்தால் அவர்கள் விலகுவார்கள், எதைத் தந்தால் பொருந்துபவரும் சேர்ந்து விலகிவிடுவார் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

3. பலகையை வாசிப்பவர்

இணையத்தில் வீடு தேடுபவர் நகரம் முழுவதையும் தேடுகிறார். கேட்டுப் பலகையை வாசிப்பவர் ஏற்கெனவே அந்தத் தெருவில் நிற்கிறார். பக்கத்துத் தெருவில் குடியிருந்து வீடு மாறுபவராக இருக்கலாம். பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்த்திருப்பவராகவோ அந்த வட்டாரத்தில் வேலை கிடைத்தவராகவோ இருக்கலாம். பல சமயம் வாசிப்பவருக்கு வீடே தேவையிருக்காது. இஸ்திரி வண்டிக்காரர், பால் போடுபவர், எதிர்வீட்டு அம்மா ஆகியோர் பார்த்து, தேடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் சொல்வார்கள். ஆகவே பலகையில் உள்ளது வாய்வழி எடுத்துச் செல்லக்கூடியதாக இருக்க வேண்டும். 'ரெண்டு பெட்ரூம், முதல் மாடி, பதினாறாயிரமாம்' என்பது இன்னொருவர் காதுக்குப் போகும். 'அங்க ஒரு போர்டு தொங்குது' என்பது போகாது.

அதோடு வாசிப்பு இரண்டு கட்டமாக நடக்கிறது. தெருவில் இருசக்கர வண்டி மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு வினாடியில் ஏறத்தாழ ஏழு மீட்டர் கடந்துவிடும். பெயர்ப்பலகைத் தொழிலில் சொல்லப்படும் தோராயக் கணக்கு, எழுத்தின் உயரம் ஓர் அங்குலம் என்றால் பத்தடித் தொலைவிலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம் என்பது. மூன்று அங்குல எழுத்து முப்பதடிக்கு, அதாவது ஒன்பது மீட்டருக்கு உதவும். வண்டியில் போகிறவருக்குக் கிடைப்பது ஒரு வினாடிக்குச் சற்று அதிகம். அந்த நேரத்துக்குள் இரண்டு மூன்று சொற்களைத்தான் பிடிக்க முடியும். தொலைபேசி எண்ணை அவர் படிக்கப்போவதில்லை. வண்டியை நிறுத்தலாமா என்று மட்டும் முடிவு செய்வார். நிறுத்திய பிறகு கேட்டுக்கு நான்கைந்து அடியில் நின்று மீதியைப் படிப்பார். அப்போது ஓர் அங்குல எழுத்தே தாராளம்.

கடைப் பலகைகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. 'டு லெட்' என்ற இரு சொல் பெரிதாக அச்சாகியிருக்கும். வண்டியை நிறுத்த வைக்கும் அடுத்த செய்தி அதில் கிடையாது. ஒற்றை அறை தேடுபவரும் மூன்று படுக்கையறை தேடுபவரும் கடை தேடுபவரும் அதே பலகைக்கு நிற்கிறார்கள். ஆகவே மேல் வரியில், மூன்று அங்குல எழுத்தில் இருக்க வேண்டியது 'வீடு வாடகைக்கு: 2 பெட்ரூம்' என்பது. 'வாடகைக்கு' என்ற சொல்லுக்கும் அங்கே வேலை உண்டு. லீசுக்கு, அதாவது மொத்தமாகப் பணம் கொடுத்து மாத வாடகை இல்லாமல் குடியிருக்க வீடு தேடுபவர்கள் சென்னையில் ஏராளம். வெறும் 'டு லெட்' அவர்களையும் இழுத்துவரும்.

4. வாடகையை எழுதலாமா?

பலகையில் வாடகையை எழுதக்கூடாது என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. கீழ் வீட்டில் பழைய வாடகைக்கு இருப்பவர் புது வாடகையைப் பார்த்து மனம் சங்கடப்படுவார், அல்லது மேல் வீட்டுக்குக் குறைவாகக் கேட்கிறார்களே என்று தனக்கும் குறைக்கச் சொல்வார். அக்கம்பக்கத்தில் நம் வருமானம் தெரிந்துவிடும். ஆளைப் பார்த்துப் பேரம் பேசும் இடம் போய்விடும். முதல் இரண்டும் உண்மையான சங்கடங்கள். ஆனால் வாடகை ரகசியமாக நிற்பது சில நாட்கள்தான். பத்துப் பேர் போனில் கேட்ட வாடகை தெருவுக்குத் தெரிந்த வாடகைதான்.

மூன்றாவது காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாத வாடகை 16,000 ரூபாய் என்றால் ஒரு நாள் வாடகை ஏறத்தாழ 533 ரூபாய். பேரத்தில் 500 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வருவது 5,500 ரூபாய். வீடு பத்தே நாள் கூடுதலாகப் பூட்டிக் கிடந்தால் அந்தத் தொகை ஏறத்தாழ முழுதும் கரைந்துவிடும். வாடகையை மறைத்து வைத்துப் பேசும் வீட்டுக்காரர் பத்து நாளுக்கு மேல் இழப்பது அரிதல்ல. பொருந்தாத பத்துப் பேருக்குக் கதவு திறந்து காட்டுவதிலேயே இரண்டு வாரம் போய்விடுகிறது.

வாடகையை எழுதினால் நடக்கும் இன்னொரு மாற்றம் தரகர் பற்றியது. 'நோ புரோக்கர்ஸ்' என்ற வரி தரகர்களை நிறுத்துவதில்லை. வீடு தேடுபவரைப் போலவே அழைத்து விவரம் வாங்கிக்கொள்வார்கள். கவனித்துக் கேட்டால் குரலில் அல்ல, கேள்வியில் வேறுபாடு தெரியும். குடிவரப் போகிறவர் தண்ணீரைக் கேட்பார், வண்டி நிறுத்துவதைக் கேட்பார், எப்போது வந்து பார்க்கலாம் என்பார். தரகர் எத்தனை நாளாக வீடு காலியாக இருக்கிறது, வாடகையைக் குறைப்பீர்களா, வேறு யாராவது பேசியிருக்கிறார்களா என்று கேட்பார். தரகரின் கையிருப்பே, கேட்டில் எழுதாத அந்த வாடகைத் தொகை. ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கொடுத்து ஒருவர் வாங்கிக்கொள்வது பெரும்பாலும் அந்தத் தகவலைத்தான். வாடகை, அட்வான்ஸ், அறை எண்ணிக்கை மூன்றும் தெருவைப் பார்த்து எழுதப்பட்டிருக்கும் இடத்தில் அவர் விற்பதற்குச் சொற்பமே மிஞ்சுகிறது. தடை வரியைவிட இது வலுவான தடை.

அட்வான்ஸை எழுதுவதற்குத் தனிக் காரணம் உண்டு. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையின் நெடுநாள் வழக்கம். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்றும், ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும் என்றும் அது சொல்கிறது. 'வேறுவிதமாக ஒப்புக்கொண்டால்' என்ற வாசல் திறந்திருப்பதால் பழைய வழக்கமும் தொடர்கிறது. வீடு தேடுபவருக்கு இந்த வீட்டில் எந்த வழக்கம் என்று தெரியாது. வாடகை 16,000 கட்டக்கூடிய நல்ல சம்பளக்காரர் ஒருவர் ஒரே தவணையில் 1,60,000 புரட்ட முடியாதவராக இருக்கலாம். அவர் பலகையைப் பார்த்துக் கேட்காமலே போய்விடுவார். 'அட்வான்ஸ் 3 மாதம்' என்ற சொற்கள் அவரைத் திரும்ப அழைத்துவரும். வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது பிழை திருந்துவது இங்கேதான்.

அடுத்து, வீட்டில் இல்லாததை எழுதுவது. எந்தப் பலகையிலும் காணக் கிடைக்காத வரி இது. என் கணிப்பில் மிக நன்றாகச் சலிக்கும் வரியும் இதுதான். கார் நிறுத்த இடமில்லை என்றால் 'பைக் மட்டும் நிறுத்தலாம்' என்று எழுதிவிட வேண்டும். மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் இல்லை என்றால் அதையும். நேரில் வந்த பிறகு இவை மறைக்க முடியாதவை. வயதான தாயாரோடு வருபவர் படிக்கட்டைப் பார்த்ததும் திரும்பிவிடுவார். அவர் வந்து திரும்பியதில் இரு தரப்புக்கும் அரை நாள் போயிருக்கும். குறையை முன்னரே சொன்ன பலகையில் மற்ற வரிகளும் நம்பிக்கை பெறுகின்றன என்பது கூடுதல் பயன்.

5. ஆளைப் பற்றி எழுதும் வரிகள்

'ஃபேமிலி ஒன்லி' என்று எழுதும் வீட்டுக்காரரிடம் பேசினால், அவர் அஞ்சுவது வேறு சில விஷயங்களை என்று தெரியவரும். ஒரு வீட்டில் எட்டுப் பேர் தங்கிவிடுவார்களோ, நள்ளிரவில் கேட்டைத் திறக்கச் சொல்வார்களோ, ஒருவர் காலி செய்துவிட்டால் வாடகையை யாரிடம் கேட்பது என்ற அச்சங்கள் அவை. இவை நியாயமானவை. ஆனால் அந்த இரண்டு சொற்கள் இவற்றில் எதையும் சொல்லவில்லை. பத்துப் பேர் கொண்ட கூட்டுக் குடும்பம் அந்த வரியைத் தாண்டி வந்துவிடும். அமைதியாக வாழும், ஒன்றாம் தேதி வாடகை தரும் இரண்டு ஆசிரியைகள் அந்த வரியிலேயே நின்றுவிடுவார்கள். அச்சம் எதைப் பற்றியதோ அதையே நிபந்தனையாக எழுதலாம்: 'நான்கு பேர் வரை', 'இரவு 11 மணிக்கு கேட் பூட்டப்படும்', 'எழுத்து ஒப்பந்தம் உண்டு'. இவற்றைப் படிப்பவர் தன்னால் இயலுமா என்று தானே அளந்துகொள்ள முடியும்.

'வெஜ் ஒன்லி' என்ற வரி இன்னும் கடினமானது. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரருக்கு மீன் சமைக்கும் வாசனை உண்மையாகவே தாங்க முடியாமல் இருக்கலாம். ஆனால் சென்னையில் அந்த வரி சமையலை மட்டும் குறிப்பதில்லை என்பது எழுதுபவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். அந்த வரியை நம்பி அழைக்கும் சைவ உணவுக்காரரிடம் அடுத்த கேள்வியாக 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்கும் வீடுகள் இருக்கின்றன. அசைவம் சாப்பிடுபவரோ வீட்டுக்கு அலைந்து சலித்து, சைவம் என்று சொல்லி வந்துவிடுகிறார். அப்படி வந்தவர் வீட்டில் முட்டை அவிக்கும்போதுகூட ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழ்கிறார். உண்மை சொல்பவரைத் தடுத்து, மறைப்பவரை உள்ளே விடும் வரி சலிப்பதில் தோற்றுப்போன வரி.

இதற்குச் சான்றாக இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுகதேவ் தோரட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் டெல்லித் தலைநகர் வட்டாரத்தில் நடத்திய ஆய்வு 2015இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் வெளிவந்தது. சாதியையும் மதத்தையும் காட்டும் பெயர்களோடு வீட்டுக்காரர்களைத் தொலைபேசியிலும் நேரிலும் அணுகியபோது தலித்துகளும் முஸ்லிம்களும் மேல்சாதியினரைவிடத் தெளிவாக அதிகம் மறுக்கப்பட்டார்கள். முஸ்லிம்களின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. சௌகதோ தத்தாவும் விக்ரம் பதானியாவும் அதே வட்டாரத்தில் வீட்டு விளம்பர இணையதளம் வழியாகச் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, முஸ்லிம் பெயருக்கு வீட்டுக்காரர் திரும்ப அழைப்பது குறைகிறது என்று கண்டது. தலித், பிற்படுத்தப்பட்டோர் பெயர்களுக்கு அத்தகைய தெளிவான குறைவைக் காணவில்லை. இந்த வேறுபாட்டை, இணையத்தில் ஒரு பெயர் மட்டும் சாதியை அவ்வளவு உறுதியாகக் காட்டிவிடாது என்பதாலேயே விளங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். குரலும் முகமும் முகவரியும் சேரும்போது மறுப்பு வெளிப்படுகிறது. இரண்டுமே டெல்லி ஆய்வுகள்; சென்னையின் அளவை அவற்றிலிருந்து எடுக்க முடியாது. ஆனால் ஒன்று உறுதி: பலகையில் இல்லாத விலக்கு தொலைபேசியில் வந்து நிற்கிறது. பலகையின் சொல்லை மாற்றியதால் மட்டும் வீட்டுக்காரர் மாறிவிடுவதில்லை.

சட்டத்தின் நிலையையும் சொல்லிவிட வேண்டும். அரசியல் சட்டத்தின் 15(1)ஆம் பிரிவு அரசு பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. தனியார் வீட்டு வாடகையை நேரடியாகத் தொடுவதில்லை. ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுச் சங்க வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், பார்சிகளுக்கு மட்டும் என்ற சங்க விதியைச் செல்லும் என்றது. ஆனால் 1955ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் அடிப்படையில் எந்த வட்டாரத்திலும் ஒருவர் குடியிருப்பதைத் தடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஒரு சாதிக்கு மட்டும் என்று கேட்டில் எழுதுபவர் தன் கைப்படச் சான்றை எழுதித் தெருவில் மாட்டுகிறார் என்றே நான் சொல்வேன். சட்டம் எட்டாத இடத்திலும் அந்த வரி தவறானது. அந்தத் தெருவில் தினமும் நடந்து பள்ளிக்குப் போகும் குழந்தைகள் அதைப் படிக்கிறார்கள்.

6. ஒரு பலகை, இரண்டு வடிவங்கள்

குரோம்பேட்டையில் தரைத்தளத்தில் குடியிருந்துகொண்டு முதல் மாடியை வாடகைக்கு விடும் ஓய்வுபெற்ற ஒருவரின் பலகையை அருகிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. முதலில் அவர் மாட்டியிருந்தது கடைப் பலகை. அதன் கீழ் 'ஃபேமிலி ஒன்லி' என்ற வரியும் எண்ணும். அழைப்புகள் காலை ஆறரைக்கே தொடங்கிவிடும். பேச்சு எப்போதும் ஒரே தடத்தில் போகும்.

"சார், போர்டு பாத்தேன். வீடு இருக்குங்களா?"

"இருக்குங்க."

"எத்தன ரூமு சார்? வாடக எவ்ளோ?"

"ரெண்டு பெட்ரூம். பதினாறாயிரம்."

"அட்வான்ஸு?"

"மூணு மாசம் குடுத்தா போதும்."

"கார் விடலாமா சார்?"

"கார் எடமில்லீங்க, பைக்குதான்."

"சரி சார், வீட்ல பேசிட்டு கூப்புடறேன்."

திரும்பக் கூப்பிட்டவர்கள் அநேகமாக இல்லை. அவர் ஒரு பழைய நோட்டில் ஒவ்வொரு அழைப்புக்கும் இரண்டு விவரம் மட்டும் குறிக்கத் தொடங்கினார்: முதல் கேள்வி என்ன, எந்த இடத்தில் பேச்சு முடிந்தது. ஒரு வாரத்தில் நோட்டே பலகையை எழுதிக்கொடுத்துவிட்டது. பேச்சு பெரும்பாலும் வாடகையில் முடிந்தது. மிஞ்சியவை காரில் முடிந்தன. தப்பித்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: நல்ல தண்ணீர் வருகிறதா? தோல் பதனிடும் ஆலைகளால் நிலத்தடி நீர் கெட்ட வட்டாரம் அது. போர்த் தண்ணீர் குளிக்கத் துவைக்க ஆகும், குடிக்க ஆகாது என்பது அங்கே குடியிருப்பவர் எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது பலகை இப்படி அமைந்தது:

வீடு வாடகைக்கு: 2 பெட்ரூம்
முதல் மாடி, 850 சதுர அடி
வாடகை ரூ. 16,000 / அட்வான்ஸ் 3 மாதம்
போர்த் தண்ணீர் எப்போதும் உண்டு; குடிநீர் கேன் வாங்க வேண்டும்
ஈ.பி. மீட்டர் தனி / பைக் மட்டும் நிறுத்தலாம்
நான்கு பேர் வரை / ஆவணி 1 முதல் குடிவரலாம்
பார்க்க: காலை 9 முதல் மாலை 6 வரை

அதன் கீழ் எண், ஐந்து ஐந்து இலக்கமாகப் பிரித்து.

ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. 'ஈ.பி. மீட்டர் தனி' என்பது சிறு சலுகை போலத் தோன்றும். வாடகைக்காரருக்கு அது பெரிய செய்தி. வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. தனி மீட்டர் இருந்தால் அந்தச் சலுகை குடியிருப்பவருக்குக் கிடைக்கும், யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைக்கும் விலையில் மாட்ட வேண்டியதில்லை. 'ஆவணி 1' என்ற தேதியும் அப்படித்தான். ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறாத குடும்பங்கள் இன்னும் நிறைய. ஆடியில் மாட்டிய பலகைக்கு வரும் அழைப்புகளில் பாதி 'அடுத்த மாசம்தான் வர முடியும்' என்ற தயக்கத்தில் நின்றுவிடும். தேதியைப் பலகையே சொல்லிவிட்டால் அந்தத் தயக்கம் தீர்கிறது. ஆடியில் பார்த்துப் பேசி டோக்கன் கொடுத்துவைக்க யாருக்கும் பெரும்பாலும் தடையில்லை.

எண்ணை எழுதுவதிலும் நுணுக்கம் இருக்கிறது. மார்க்கர் மை வெயிலில் சில வாரத்தில் வெளுக்கும். முதலில் வெளுப்பது பெரும்பாலும் சிவப்பு. கேட்டுக்கு வெளியே நிறுத்திய வண்டி பலகையின் கீழ்ப்பாதியை மறைக்கும், எண் இருப்பதோ அங்கேதான். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று ஒருவர் மேல் வரியைப் படித்துக் காட்டட்டும், கேட்டருகே வந்து எண்ணைப் பார்த்து அழைத்தும் பார்க்கட்டும். 1க்கும் 7க்கும் இடையே தடுமாறினால் மீண்டும் எழுத வேண்டியதுதான். தனியாக இருக்கும் பெண்களும் முதியவர்களும் வீட்டில் எப்போதும் புழங்கும் எண்ணைத் தெருவில் மாட்டாமல், இதற்கென்று வேறொரு சிம் வைத்துக்கொள்வது நல்லது. வீடு போன பிறகும் அழைப்புகள் மாதக்கணக்கில் தொடரும். வேண்டாத அழைப்புகளும் அவற்றில் இருக்கும்.

புதுப் பலகைக்குப் பிறகு அவருக்கு அழைப்புகள் வெகுவாகக் குறைந்தன. முதல் இரண்டு நாள் அவருக்கே கலக்கமாக இருந்தது, எல்லாவற்றையும் எழுதிக் கெடுத்துவிட்டோமோ என்று. ஆனால் வந்த அழைப்புகளின் முதல் கேள்வி மாறியிருந்தது. "எப்ப சார் வந்து பாக்கலாம்?" என்பதே அநேகமாக எல்லாருடைய தொடக்கமும். பலகை வேலை செய்கிறதா என்பதற்கு நான் காணும் நம்பகமான அடையாளம் அதுதான். முதல் கேள்வி வாடகை பற்றியதாக இருக்கும் வரை பலகை முழுமையாகவில்லை. அழைப்பு எல்லாம் ஒரே இடத்தில் முடிந்தால் அந்த இடத்துக்கான வரி பலகையில் இல்லை. நிறையப் பேர் வந்து பார்த்தும் யாரும் எடுக்கவில்லை என்றால் பலகையைக் குறை சொல்வதில் பயனில்லை. வாடகையோ வீடோ சரியில்லை. பத்து நாளாக ஒரு அழைப்பும் இல்லை என்றால், வாடகையைக் குறைக்கும் முன்பு எண் படிக்கும்படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

7. எல்லைகள்

இந்த ஒரு வீட்டிலிருந்து பெரிய விதி எதையும் எடுக்க முடியாது. குரோம்பேட்டையில் தண்ணீர் வரி வேலை செய்தது. பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடியில் பராமரிப்புக் கட்டண வரிதான் அந்த இடத்தில் இருக்க வேண்டும், அங்கே ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். சிறு ஊரில் மூன்றே பேர் வீடு தேடும் தெருவில் இவ்வளவு சலிப்பது அதிகப்படி. அங்கே பலகைக்கு முன்பே செய்தி போய்விடும். எந்த வரியைச் சேர்ப்பது என்பதை இடம்தான் சொல்லும். அதைக் கேட்டறியும் வழி, அழைப்புகள் எங்கே முடிகின்றன என்று குறித்துவைப்பது. பலகை காட்டும் நேர்மையை அழைப்பை எடுப்பவரும் காட்டாவிட்டால் இதில் எதுவும் நிற்காது. 'நான்கு பேர் வரை' என்று எழுதிவிட்டு, அழைத்தவர் பெயரைக் கேட்டதும் 'வீடு போயிடுச்சு' என்று சொல்லும் வீட்டில், தகுந்தவரை அனுப்பிவிட்டது அந்தக் குரல்தான்.

டோக்கன் அட்வான்ஸ் வாங்கிய அன்றே பலகையைக் கழற்றிவிட வேண்டும். பலர் முழு அட்வான்ஸ் வரும்வரை தொங்கட்டும் என்று விடுகிறார்கள். டோக்கன் கொடுத்தவர் மறுநாள் அந்த வழியாகப் போகும்போது பலகையைப் பார்த்தால் தன் பணத்தைப் பற்றிக் கலங்குவார். புதிதாக அழைப்பவருக்கு உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்று வீட்டுக்காரருக்கும் குழப்பம். மாதக்கணக்கில் தொங்கும் பலகையைப் பார்க்கும் தெருக்காரர்கள் அந்த வீட்டில் ஏதோ குறை என்று முடிவு கட்டிவிடுவார்கள், அடுத்த முறை அது மாட்டப்படும்போது யாருக்கும் சொல்லமாட்டார்கள்.